கழிந்த பணம் போய்ச் சேர்ந்ததா?

மனை விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதனால் கிரயப் பணம் இப்போது பெரும்பாலும் வங்கி வழியாகவே போகிறது. பத்திரப் பதிவு நாளில் வாங்குபவரின் போனுக்கு, பணம் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வரும். விற்பவரோ, "எனக்கு இன்னும் வரலையே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பணம் எந்த வழியில் போகிறது என்று தெரிந்தால் இந்தப் பதற்றம் பாதியாகும்.

ஒன்பது லட்சம் ரூபாய் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பணம் ஒரு லட்சம், அடுத்த தவணை ஒன்றரை லட்சம், பதிவன்று மீதி ஆறரை லட்சம்.

முன்பணத்துக்கு ஐ.எம்.பி.எஸ் போதும். சில நொடிகளில் விற்பவர் கணக்கில் வரவாகிவிடும். ஞாயிறு, நள்ளிரவு என்ற பேதமில்லை. ஒரு தடவைக்கு உச்சவரம்பு 5 லட்சம். வங்கிகள் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்வது பிறகுதான், ஆனால் அதற்காக வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் வருவது இணைப்பு நடுவில் அறுந்தால்தான். நம் கணக்கில் கழிந்திருக்கும், அங்கே சேர்ந்திருக்காது. அப்போது அவசரப்பட்டு மறுபடி அனுப்பக் கூடாது. சேராத பணத்தை மறுநாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி.

இரண்டாம் தவணை நெஃப்டில் போகிறது என்று வைப்போம். இது அரை மணிக்கு ஒரு தரம் கிளம்பும் பேருந்து மாதிரி. 2019 டிசம்பர் 16 முதல் இரவும் பகலும் ஓடுகிறது, நாளுக்கு 48 தொகுதிகள். காலை 11.05க்கு அனுப்பினால் 11.30 தொகுதியில் ஏறும். அதன் தீர்வு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள், அதாவது ஏறக்குறைய 1.30க்குள், விற்பவரின் வங்கி பணத்தை வரவு வைக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். ரிசர்வ் வங்கி இதற்கு உச்சவரம்பு வைக்கவில்லை, நெட் பேங்கிங்கில் நம் வங்கி வைத்திருக்கும் வரம்புதான் தடுக்கும்.

ஆறரை லட்சத்துக்கு ஆர்.டி.ஜி.எஸ். குறைந்தபட்சம் 2 லட்சம் இருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. தொகுதி சேரக் காத்திருக்காமல், ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனியாக ரிசர்வ் வங்கியின் ஏடுகளில் அப்போதே தீர்க்கப்படும். செய்தி கிடைத்த 30 நிமிடத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும். 2020 டிசம்பர் 14 முதல் இதுவும் 24 மணி நேரச் சேவைதான். ஆனால் கிளையில் படிவம் கொடுத்து அனுப்புகிறவருக்குக் கிளை திறந்திருக்கும் நேரம் மட்டுமே.

பதிவு நாளில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரம் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. விற்பவரின் கணக்கை இரண்டு நாள் முன்பே சேர்த்து, சிறு தொகை அனுப்பிப் பார்த்துவிடுவது நல்லது. இந்த வழிகளில் பணம் சேர்வது கணக்கு எண்ணை வைத்துத்தான், நாம் தட்டும் பெயரை வைத்து அல்ல. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ் இரண்டுக்கும் அனுப்பும் முன் கணக்குதாரர் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரும்படி ரிசர்வ் வங்கி சொன்னது அதனால்தான்.

இனி ஸ்டேட்மென்ட். எழுதும் முறை வங்கிக்கு வங்கி மாறும், ஆனாலும் சாயல் ஒன்றுதான்:

```
IMPS/P2A/516311482913/...
RTGS/XXXXR52025071000012345/...
```

ஐ.எம்.பி.எஸ் எண் 12 இலக்கம். பொதுவாக முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5163 என்றால் 2025ன் 163ஆம் நாள், ஜூன் 12. ஆர்.டி.ஜி.எஸ்ஸின் யு.டி.ஆர் எண் 22 எழுத்து நீளம். முதல் நான்கு எழுத்து அனுப்பிய வங்கியின் குறியீடு, பிறகு R, இன்னோர் இலக்கம் தாண்டி முழுத் தேதி: இங்கே 2025 ஜூலை 10. நெஃப்டுக்கும் யு.டி.ஆர் உண்டு, விவரத்தில் NEFT என்றே இருக்கும்.

திரும்பி வந்த பணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பற்று அழியாது. RETURN அல்லது RTN என்ற குறிப்போடு தனி வரவு வரியாக வரும். இரவில் அனுப்பியிருந்தால் அது மறுநாள் தேதியில்கூட இருக்கலாம். மொத்தம் சரியாகிவிட்டதென்று, பணம் போனதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

கிரயப் பத்திரத்தில் ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகையோடு இந்த எண்ணையும் எழுதுவது வழக்கம். பாஸ்புக் அச்சில் இடம் போதாமல் எண் பாதியில் வெட்டப்படுவதுண்டு. அதைப் பார்த்து எழுதாமல், நெட் பேங்கிங் ஸ்டேட்மென்டில் அல்லது கிளையில் முழு எண்ணை வாங்கிப் பத்திர எழுத்தரிடம் கொடுங்கள்.