ஜெர்மனியில் ‘ஸ்பேர்’, ஆங்கிலத்தில் ‘சுமார்’: ‘எர்ஸாட்ஸ்’ சொல்லுக்கு என்ன ஆச்சு?

ஜெர்மன் கார் கம்பெனியின் உதிரிபாகப் பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. அதன் மேல் ‘எர்ஸாட்ஸ்டைல்’ என்று ஜெர்மனில் அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது அந்தக் கம்பெனியே தயாரித்த ஒரிஜினல் ஸ்பேர் பார்ட். இப்போது அதே பாகத்தைப் பற்றி, ‘எர்ஸாட்ஸ் பார்ட் வந்து சேர்ந்தது’ என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில் போடுகிறீர்கள். படிப்பவர் என்ன நினைப்பார் தெரியுமா? ‘ஒரிஜினல் கிடைக்கலை போல, ஏதோ மட்டமான சரக்கை அனுப்பிட்டாங்க’ என்றுதான்.

ஒரே சொல்தான். ஒரு மொழியில் சாதாரண ‘மாற்று’. இன்னொரு மொழியில் ‘ஒரிஜினலுக்குக் கிட்டக்கூட வராத மாற்று’. எங்கே மாறியது இது?

ஜெர்மன்காரருக்கு இது நல்ல சொல்

‘எர்ஸெட்ஸென்’ என்றால் ஜெர்மனில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பது, ஈடுகட்டுவது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் எர்ஸாட்ஸ். கால்பந்து அணியில் வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று வீரர் ‘எர்ஸாட்ஸ் ஷ்பீலர்’. பல் டாக்டர் வைக்கும் செயற்கைப் பல் ‘ட்ஸான் எர்ஸாட்ஸ்’. கோர்ட் வாங்கிக் கொடுக்கும் நஷ்டஈடு ‘ஷாடன் எர்ஸாட்ஸ்’. எதிலும் ‘மட்டம்’ என்ற வாடையே கிடையாது.

இதற்கு ஒரு கப்பலே சாட்சி. முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம், பழைய போர்க்கப்பல்களுக்கு வயதானால் அவற்றுக்குப் பதிலாக மட்டுமே ஜெர்மனி பெரிய கப்பல் கட்டலாம் என்று சொல்லிவிட்டது. புதுக் கப்பலுக்குப் பெயர் சூட்டும்வரை, எந்தக் கப்பலுக்குப் பதிலாக அது வருகிறதோ அந்தப் பெயரோடு ‘எர்ஸாட்ஸ்’ சேர்த்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம். அப்படி ‘எர்ஸாட்ஸ் ப்ராய்ஸன்’ என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல், 1931-ல் ‘டாய்ச்லாண்ட்’ என்று கடலில் இறங்கியது. பழைய ‘ப்ராய்ஸன்’ நிலக்கரியில் ஓடியது. புதியது டீசல் இன்ஜின், பழையதைவிடப் பல மடங்கு நவீனமானது. இங்கே எர்ஸாட்ஸ்தான் ஒரிஜினலைவிட ஒசத்தி!

கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த காபி

ஆங்கிலத்துக்கும் இந்தச் சொல் 19-ம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனால் ஜெர்மன் ராணுவத்தின் ரிசர்வ் படையைப் பற்றி எழுதும்போது எப்போதாவது தலைகாட்டும், அவ்வளவுதான். கதை மாறியது முதல் உலகப் போரில்.

1914-ல் போர் தொடங்கியதும் பிரிட்டன் தன் கடற்படையை வைத்து ஜெர்மனியின் கடல்வழி வர்த்தகத்தை அடைத்தது. காபிக் கொட்டை ஜெர்மனியில் விளையாது, எல்லாமே கப்பலில் வர வேண்டும். எனவே பார்லி, ரை போன்ற தானியங்களையும் சிக்கரி வேரையும் வறுத்துப் பொடித்து ‘எர்ஸாட்ஸ் காஃபி’ என்று விற்றார்கள். தானியத்துக்கே பஞ்சம் வந்தபோது ஓக் மரத்தின் கொட்டைகளை வறுத்தார்கள். நிறம் கறுப்பு, வாய் கசக்கும். ஆனால் காபியைக் காபி ஆக்கும் கஃபீன் இதில் எதிலுமே கிடையாது. பார்க்க காபி, குடித்தால் வெறும் கசாயம்.

ரொட்டிக்கும் அதே கதி. கோதுமையும் ரையும் போதாமல் உருளைக்கிழங்கைக் கலந்து ‘கே-ப்ரோட்’ செய்தார்கள். அந்த ‘கே’ போரையும் குறிக்கும், உருளைக்கிழங்கையும் குறிக்கும். இரண்டுக்கும் ஜெர்மனில் முதல் எழுத்து ஒன்றே. 1916-ல் உருளைக்கிழங்கு விளைச்சலும் படுத்துவிட, மாட்டுத் தீவனமாக இருந்த ஒருவகை டர்னிப் கிழங்குதான் மனிதர்களுக்குச் சாப்பாடு என்றானது. 1916-17 குளிர்காலத்துக்கு ‘டர்னிப் குளிர்காலம்’ என்றே பெயர்.

பசி வந்த இடத்தில் மோசடியும் வந்தது. எதையாவது பொடித்து, பாக்கெட்டில் அடைத்து, ‘இதற்கு எர்ஸாட்ஸ்’ என்று எழுதி விற்கலாம் என்ற நிலை. கடைசியில் 1918 மார்ச்சில், மாற்று உணவு எதுவானாலும் முன்அனுமதி வாங்கித்தான் விற்க வேண்டும் என்று ஜெர்மன் அரசே உத்தரவு போட வேண்டியதாயிற்று.

எதிர்த்தரப்பில் இருந்த ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இது முக்கியமான செய்தி. ஜெர்மனி எவ்வளவு திண்டாடுகிறது என்பதற்கு இந்தக் காபியும் ரொட்டியும் அடையாளம். அந்தச் செய்திகளோடு சேர்ந்துதான் ‘எர்ஸாட்ஸ்’ ஆங்கில வாசகர் மனதில் உட்கார்ந்தது. ஸ்பேர் பார்ட்டும் மாற்று வீரரும் நஷ்டஈடும் அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் சிக்கிய போர்க் கைதிகள் அதே காபியைக் குடித்தபோது, அந்த அர்த்தம் இன்னும் கெட்டிப்பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. நடுநிலையான ‘மாற்று’க்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ‘சப்ஸ்டிட்யூட்’, ‘ரீப்ளேஸ்மென்ட்’ எல்லாம் இருந்தன. அதே அர்த்தத்துக்கு வெளியூர்ச் சொல் ஒன்று தேவைப்படவில்லை. ‘வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்ட மட்டமான மாற்று’ என்ற இடம்தான் காலியாக இருந்தது. எர்ஸாட்ஸ் அங்கே போய் அமர்ந்தது. பிரெஞ்சிலும் ரஷ்ய மொழியிலும்கூட இந்தச் சொல்லுக்கு இதே மட்டமான அர்த்தம்தான்.

சரி, ஜெர்மன்காரர்களுக்கு அந்தக் காபி பிடித்ததா? இல்லவே இல்லை. ஆனால் அவர்கள் பழி போட்டது காபி மீது, சொல் மீது அல்ல. தினமும் நூறு நல்ல இடங்களில் புழங்கும் சொல்லை ஒரு கெட்ட இடம் கெடுக்க முடியவில்லை. பதிலுக்கு, உண்மையான காபியை ‘போனன் காஃபி’, அதாவது ‘கொட்டைக் காபி’ என்று தனியாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பொருளா, வாக்குறுதியா?

அப்படியென்றால் மாற்றுப் பொருள் எல்லாமே ‘எர்ஸாட்ஸ்’ ஆகிவிடுமா? நம் ஃபில்டர் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பஞ்சத்தில் வறுத்த அதே சிக்கரியை நம் கடைகளில் ‘எத்தனை சதவீதம்?’ என்று கேட்டுக் கலந்து வாங்குகிறோம். அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. ஏனென்றால் அது நாமே விரும்பிக் கேட்பது, காபியும் கூடவே இருக்கிறது. காபி இருக்க வேண்டிய இடத்தில் சிக்கரி மட்டும் நின்று, ‘நான்தான் காபி’ என்று சொல்லும்போதுதான் ஆங்கில எர்ஸாட்ஸ் பிறக்கிறது.

அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு சின்ன சோதனை போதும். லீவில் போன சக ஊழியருக்குப் பதிலாக வந்தவரை ‘எர்ஸாட்ஸ் மேனேஜர்’ என்று எழுதினால், அது அவரை மட்டம்தட்டுவது. ‘ரீப்ளேஸ்மென்ட்’ என்றால் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் செடிகளை வைத்து ‘இயற்கைச் சூழல்’ என்று விளம்பரம் செய்யும் ஹோட்டலை ‘எர்ஸாட்ஸ் தோட்டம்’ என்று கிண்டலடிக்கலாம், சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

தமிழில் இதை ஒரே சொல்லில் சொல்வது கஷ்டம். ‘மாற்று’ என்றால் ஜெர்மன் அர்த்தம் வந்துவிடும். ‘போலி’ என்றால் ஏமாற்று வேலை என்று ஆகிவிடும். ஆனால் நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. ஊரில் ஆலை இல்லை, இலுப்பைப் பூவும் கொஞ்சம் இனிக்கத்தான் செய்யும், ஆனால் அது சர்க்கரை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலம் எர்ஸாட்ஸ் என்று சொல்வது அந்த இலுப்பைப் பூவைத்தான்.