நின்ற இயந்திரம் எங்கிருந்து தொடரும்?

ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டில் நாசிலுக்குக் கீழே நிற்கிறது. 600 மில்லி நிரம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆபரேட்டர் பாதுகாப்புக் கதவைத் திறக்கிறார். வால்வு மூடிக்கொள்கிறது, இயந்திரம் நிற்கிறது. அவர் எதையோ சரிசெய்துவிட்டுக் கதவை மூடி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறார். இப்போது இயந்திரம் என்ன செய்ய வேண்டும்?

மீதி 400 மில்லியை ஊற்றுவதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் கதவு திறந்திருந்தபோது ஆபரேட்டர் அந்தப் பாட்டிலை எடுத்துவிட்டுக் காலிப் பாட்டிலை வைத்திருந்தால், வாங்குகிறவருக்கு 400 மில்லிதான் கிடைக்கும். சரி, முதலிலிருந்தே ஊற்றலாம் என்றால், பழைய பாட்டில் அங்கேயே இருக்கும்போது 600-க்கு மேல் இன்னொரு லிட்டர் இறங்கும். எண்ணெய் வழிந்து கன்வேயர் முழுக்க ஓடும். கதவு மூடியிருந்ததா என்பது இயந்திரத்துக்குத் தெரியும். கதவு திறந்திருந்த நேரத்தில் உள்ளே என்ன மாறியது என்பது தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு விடை இயந்திரத்தின் இரும்பில் இல்லை. அதை ஓட்டும் பிஎல்சிக்குள் நிரலை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

பிஎல்சி என்பது தொழிற்சாலைக்கென்றே உருவான கணினி. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில், சுவர் சுவராக நின்ற ரிலே பெட்டிகளுக்கு மாற்றாக அது வந்தது. ரிலே வரைபடம் படித்துப் பழகிய எலக்ட்ரீஷியன்களுக்குப் புரிய வேண்டும் என்பதால், அதன் நிரலும் ஏணி போன்ற அதே வரைபடத்தில் எழுதப்பட்டது. ‘லேடர்’ என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் அது புழக்கத்தில் இருக்கிறது.

‘இந்த சென்சார் வந்தால் அந்த மோட்டார் ஓடட்டும்’ என்பதைச் சொல்ல லேடர் மிக வசதி. வரிசையாக நடக்க வேண்டிய வேலையை அதில் எழுதும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. நம் எண்ணெய் இயந்திரத்துக்கு ஆறு படிகள்: பாட்டில் உள்ளே வருகிறது, தடுப்பு அதைப் பிடித்து நிறுத்துகிறது, நாசில் இறங்குகிறது, எண்ணெய் நிரம்புகிறது, நாசில் ஏறுகிறது, பாட்டில் வெளியே போகிறது. பழைய முறையில் எழுதுகிறவர் படிக்கு ஒரு பிட் வைத்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததை லாட்ச் செய்வார். ஆறு பிட்டுகள் 64 விதமாகச் சேர முடியும். அவற்றில் ஏழுக்குத்தான் அர்த்தம் உண்டு: எல்லாம் அணைந்திருப்பது ஒன்று, ஏதேனும் ஒன்று மட்டும் எரிவது ஆறு. மீதி 57-இல் எதிலாவது இயந்திரம் போய் விழுந்தால், ‘நாசில் ஏறு’ என்பதும் ‘எண்ணெய் ஊற்று’ என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாகலாம். அதைத் தடுக்க ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள். அது வேறொரு இடத்தில் இடிக்கும். அதற்கும் ஒன்று சேர்ப்பார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நிரலைத் திறக்கிறவருக்கு எந்த நிபந்தனை எதற்காக வந்தது என்றே தெரியாது.

ஸ்டேட் மெஷின் முறை இந்த ஆறு பிட்டுகளையும் எடுத்துவிட்டு ஒரே ஓர் எண்ணை வைக்கிறது. பரமபதத்தில் ஒரு காய் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தில்தான் இருக்க முடியும் என்பதுபோல, இயந்திரமும் ஒரு நேரத்தில் ஒரு நிலையில்தான் இருக்கும். காத்திருத்தல் 0, ஆறு படிகளும் 10 முதல் 60 வரை. இடையில் புதுப்படி சேர்க்க நேர்ந்தால் 35 என்று ஓர் எண் கொடுக்க இடம் இருக்கட்டும் என்றுதான் பத்துப் பத்தாகத் தாவுகிறார்கள். நாசில் இறங்கும் படி இப்படி இருக்கும்:

```
StepTimer(IN := (State = LastState), PT := StepLimit);
LastState := State;

CASE State OF
  30: IF NozzleDown AND NOT NozzleUp THEN
        State := 40;
      ELSIF StepTimer.Q THEN
        FaultStep := State;
        FaultCode := 31;
        State := 900;
      END_IF;
END_CASE;

FillValve := (State = 40);
```

நிரல் படித்துப் பழக்கமில்லாதவர்களும் இதைப் பின்தொடரலாம். 30-ஆம் படியிலிருந்து வெளியேற இரண்டே வழிகள். நாசில் கீழே வந்துவிட்டது என்று சென்சார் சொன்னால் 40-க்குப் போகலாம். குறித்த நேரத்துக்குள் சொல்லாவிட்டால் 900-க்குப் போக வேண்டும். அதுதான் ஃபால்ட் நிலை. நாசில் இறங்க வழக்கமாக ஒரு விநாடிக்கும் குறைவாகத்தான் ஆகும் என்றால், இந்தப் படிக்கு மூன்று விநாடி கெடு வைக்கலாம். கெடுவை மிக இறுக்கி வைத்தால், காற்றழுத்தம் கொஞ்சம் குறையும் காலை நேரங்களில் காரணமே இல்லாமல் இயந்திரம் நிற்கும்.

`AND NOT NozzleUp` என்ற சிறு துண்டு கவனிக்க வேண்டியது. கீழ் சென்சார் பழுதாகி எப்போதும் ‘ஆன்’ என்றே காட்டினால், நாசில் அசையும் முன்பே அடுத்த படிக்குப் போய்விடும். எண்ணெய் அந்தரத்திலிருந்து கொட்டும். மேல் சென்சார் அணைந்திருக்கிறதா என்றும் கேட்டுவிட்டால், நாசில் மேலேயே நிற்கும்வரையாவது அடுத்த படிக்குப் போகாது.

கடைசி வரியில்தான் இந்த முறையின் பெரிய பலன் இருக்கிறது. வால்வு திறப்பது நிரல் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில் மட்டுமே. நிலை 40-ஆக இருந்தால் திறக்கும். 40-ஐ விட்டு எந்தக் காரணத்துக்காக வெளியேறினாலும், தனியாக யாரும் ‘மூடு’ என்று எழுதாமலே மூடிக்கொள்ளும். ஆனால் எல்லா வெளியீடுகளையும் இப்படி விட்டுவிட முடியாது. செங்குத்தாகத் தொங்கும் நாசிலுக்குக் காற்றை நிறுத்தினால் அது தன் எடையாலேயே கீழே இறங்கலாம். ஆகவே ஃபால்ட் நிலையில் எது அணைய வேண்டும், எது இருந்த இடத்திலேயே பிடித்து நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக யோசித்து எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்து ஹோல்டு. ஃபால்ட்டும் ஹோல்டும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டிலும் இயந்திரம் நிற்கிறது. வித்தியாசம், நிற்கும் இடத்தைத் தேர்ந்தது யார் என்பதில். மூடி போடும் இயந்திரத்தில் மூடி தீர்ந்துபோய் பாட்டில்கள் தேங்கத் தொடங்கினால், ஆபரேட்டர் ஹோல்டு அழுத்துகிறார். நாசிலுக்குக் கீழே இருக்கும் பாட்டிலை அப்படியே பாதியில் விட வேண்டிய அவசியம் இல்லை. இயந்திரம் அந்தப் பாட்டிலை நிரப்பி முடித்து, வெளியே அனுப்பிவிட்டு, அடுத்ததை உள்ளே விடாமல் 800 என்ற ஹோல்டு நிலைக்குப் போகிறது. அங்கே நாசில் மேலே, வால்வு மூடி, உள்ளே பாட்டில் இல்லை. தானே தேர்ந்த இடம் என்பதால், ஹோல்டை விடுவித்ததும் சந்தேகமே இல்லாமல் 10-ஆம் படியிலிருந்து தொடரலாம்.

ஃபால்ட்டில் அப்படி இல்லை. நின்ற இடம் இயந்திரம் தேர்ந்தது அல்ல. பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது, அது அதே பாட்டில்தானா என்பதற்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் 900-இலிருந்து எந்த வேலைப் படிக்கும் நேராகப் பாதை வைப்பதில்லை. நடுவே ரீசெட்டைக் கடந்தாக வேண்டும். ஹோல்டில் இருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால், அந்த நிமிடமே ஹோல்டு ஃபால்ட்டாக மாற வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

பல இயந்திரங்களில் ரீசெட் பொத்தான் செய்வது சிவப்பு விளக்கை அணைப்பதை மட்டும்தான். உள்ளே பிட்டுகள் பழைய இடத்திலேயே கிடக்கும். ஸ்டேட் மெஷினில் ரீசெட் ஒரு தனி வேலைத்தொடர். ஃபால்ட்டின் காரணம் நீங்கி, பொத்தான் புதிதாக அழுத்தப்பட்டால்தான் அது தொடங்கும். அழுத்தியே இருக்கும்படி யாராவது பொத்தானில் டேப் ஒட்டிவைத்தால் வேலை நடக்கக் கூடாது; அதனால் நிரல் பார்ப்பது பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்பதை அல்ல, அழுந்தும் அந்தத் தருணத்தை.

தொடங்கியதும் 910-ஆம் நிலை நாசிலை மேலே ஏற்றி, மேல் சென்சார் சொல்லும்வரை காத்திருக்கும். பிறகுதான் 920 கன்வேயரை ஓட்டும். இந்த வரிசை மாறினால், பாட்டில் கழுத்துக்குள் நாசில் இருக்கும்போதே பாட்டில் நகர்ந்து நாசில் வளையும். உள்ளே இருக்கும் பாட்டில் எதுவாக இருந்தாலும், எவ்வளவு நிரம்பியிருந்தாலும், கழிவுத் தட்டுக்குப் போகும். 930 உள்ளே காலியா என்று பார்த்து, அளவுக் கணக்கைப் பூஜ்யமாக்கி, 0 என்ற காத்திருக்கும் நிலைக்குத் திரும்பும். இந்த மூன்றுக்கும்கூடக் கெடு உண்டு; ரீசெட்டின்போதே நாசில் ஏற மறுத்தால் மீண்டும் 900. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: அந்த 600 மில்லி பாட்டில் வரிசைக்குத் திரும்பாது.

ரீசெட் முடிந்தாலும் இயந்திரம் ஓடத் தொடங்காது. ஸ்டார்ட் பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானை விடுவிப்பது மட்டுமே இயந்திரத்தை ஓட்டிவிடக் கூடாது என்று ஐஎஸ்ஓ 13850 தரநிலையும் சொல்கிறது. இங்கே ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அவசர நிறுத்தமும் கதவுப் பூட்டும் இந்த நிரலை நம்பி இருப்பதில்லை. பாதுகாப்பு ரிலே அல்லது அதற்கென்றே சான்று பெற்ற பிஎல்சி மின்சாரத்தையும் காற்றையும் துண்டிக்கும். நடந்ததைத் தெரிந்துகொண்டு 900-க்குப் போவது மட்டுமே ஸ்டேட் மெஷினின் வேலை. கரண்ட் போய் வந்தாலும் அதேதான்: நிலை எண் 900-இல்தான் தொடங்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் உள்ளே யார் கைவைத்தார்கள் என்பது பிஎல்சிக்குத் தெரியாது.

இரவு ஷிப்டில் பழுதுபார்க்க வருகிறவருக்கு இந்த முறை தரும் உதவி இரண்டு எண்கள். திரையில் படி 30, ஃபால்ட் 31 என்று இருந்தால், நாசில் இறங்கவில்லை, காற்றையும் கீழ் சென்சாரையும் பார் என்று பொருள். 900-க்குப் போனபின் புதிய ஃபால்ட் எதுவும் இந்த எண்களை மாற்றாது. காற்று போனால் அடுத்தடுத்துப் பத்து எச்சரிக்கைகள் வரும். முதலில் வந்ததுதான் காரணத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஓர் எண்ணால் சொல்ல முடியாதவையும் உண்டு. நிரப்புவதும் மூடி போடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும் இயந்திரத்தில், இரண்டையும் ஒரே நிலை எண்ணில் அடக்கப் பார்த்தால் நிலைகள் பெருகிக்கொண்டே போகும். அப்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி ஸ்டேட் மெஷின் எழுதி, மேலே ஒன்றை மேற்பார்வைக்கு வைப்பார்கள். பேக்கேஜிங் துறையில் பேக்எம்எல் என்ற பொது வரையறை இந்த மேல் அடுக்குக்கு 17 நிலைகளை வகுத்திருக்கிறது. இயந்திரத்தின் உள்காரணத்தால் நிற்பதை ‘ஹெல்டு’ என்றும், முன்னாலோ பின்னாலோ உள்ள இயந்திரத்துக்காகக் காத்து நிற்பதை ‘சஸ்பெண்டட்’ என்றும் அது பிரிக்கிறது. நம் உதாரணத்தில் மூடி தீர்ந்து நின்றது இரண்டாவது வகை.

எழுதி முடித்த நிரலைச் சோதிக்கும் வழியும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. ஆறு படிகளிலும் ஹோல்டு அழுத்துவது, கதவைத் திறப்பது, மின்சாரத்தை நிறுத்துவது, அந்தப் படி எதிர்பார்க்கும் சென்சாரின் வயரைக் கழற்றுவது என நான்கு இடையூறுகள் செய்து பார்த்தால் மொத்தம் 24 சோதனைகள். ஒவ்வொன்றிலும் இயந்திரம் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைத்து, திரையில் வருவதோடு ஒப்பிட வேண்டும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஓட்டி, இயந்திரம் வாடிக்கையாளரிடம் போகும் முன்பே இதைச் செய்துவிடலாம்.