ஆறு கோடி எண்களுக்கு மனப்பாடத்தை மறக்கடித்தவர்கள்

2012இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய மூவரும் இமேஜ்நெட் போட்டிக்கு ஒரு நியூரல் நெட்வொர்க்கைத் தயார் செய்தார்கள். படத்தைப் பார்த்து அதில் இருப்பது எது என்று ஆயிரம் வகைகளிலிருந்து சொல்ல வேண்டும். பயிற்சிக்குக் கிடைத்தவை சுமார் 12 லட்சம் படங்கள். நெட்வொர்க்குக்குள் சரிசெய்ய வேண்டிய எண்களோ, அதாவது எடைகளோ, 6 கோடி.

சிக்கல் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. படத்துக்கு ஐம்பது எடைகள் வீதம் கையில் இருக்கும்போது, பூனை என்றால் எப்படியிருக்கும் என்று கற்றுக்கொள்ளாமலேயே பயிற்சிப் படங்களை அப்படியே மனப்பாடம் செய்துவிட முடியும். பார்த்த படத்துக்குச் சரியான விடை வரும்; பார்க்காத படத்தில் தடுமாறும். இதைத்தான் ஓவர்ஃபிட்டிங் என்கிறார்கள்.

இதற்கு மருந்தாக ஹின்டன் குழு அதே ஆண்டில் முன்வைத்தது டிராப்அவுட். யோசனை தோன்றிய கதையை ஹின்டனே சொல்லியிருக்கிறார். அவர் போகும் வங்கியில் கவுன்ட்டரில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்களாம். கூட்டுச் சேர்ந்து மோசடி செய்ய ஒரே ஆட்கள் தொடர்ந்து பக்கத்தில் இருக்க வேண்டும். அதைத் தடுக்கத்தான் இந்த இடமாற்றம் என்று அவர் ஊகித்தார். நியூரான்களும் அப்படிக் கூட்டுச் சேர்கின்றன. ஒன்று செய்யும் பிழையை இன்னொன்று சரிக்கட்டும். அந்த ஏற்பாடு பயிற்சிப் படங்களில் மட்டுமே பலிக்கும்.

ஆகவே ஒவ்வொரு படம் வரும்போதும் நியூரான்களில் ஏறக்குறைய பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு அணைத்துவிட்டார்கள். எவை அணையும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பக்கத்து நியூரானை நம்ப முடியாததால், ஒவ்வொன்றும் தனியாக நின்றாலும் பயன்படும் அடையாளத்தைத் தேடிக்கொள்ள நேர்கிறது. நெட்வொர்க் முழுவதிலும் இதைச் செய்யவில்லை. 4096 நியூரான்கள் கொண்ட இரண்டு அடுக்குகளில் மட்டும் செய்தார்கள். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட எடைகள் குவிந்திருந்தது அங்கேதான். விலையும் உண்டு: பயிற்சிக்குத் தேவையான சுற்றுகள் ஏறத்தாழ இரு மடங்காயின.

பயிற்சி முடிந்தபின் எல்லா நியூரான்களும் வேலைக்குத் திரும்ப வேண்டும். இந்த இடத்தில் இன்றும் பலர் சறுக்குகிறார்கள். பைடார்ச்சில் `model.eval()` என்ற ஒரு வரியை விட்டுவிட்டால் அணைப்பு தொடர்ந்து நடக்கும். கண்டுபிடிப்பது எளிது: ஒரே படத்தை இருமுறை கொடுத்தால் இரண்டு விதமான மதிப்பெண் வரும்.

இரண்டாவது மருந்து வெயிட் டிகே. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு எடையும் பூஜ்யத்தை நோக்கிக் கொஞ்சம் தேய்க்கப்படும். தரவு திரும்பத் திரும்ப வலியுறுத்தும் எடை இந்தத் தேய்மானத்தை ஈடுகட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு படங்களுக்காக வீங்கிய எடை மெல்லச் சுருங்கும். டொரன்டோ குழு வைத்த அளவு 0.0005. கண்ணுக்கே தெரியாத எண்தான், ஆனால் பயிற்சி 8 லட்சம் படிகளுக்கு மேல் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தேய்மானம் பயிற்சிப் படங்களில் வந்த பிழையையும்கூடக் குறைத்தது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

போட்டியில் இரண்டாம் இடத்தின் பிழை 26.2 சதவீதம். இவர்களுடையது 15.3.

மூன்றாவது வழி, நேரம் பார்த்து நிறுத்துவது. எர்லி ஸ்டாப்பிங் என்று பெயர். பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிய படங்களில் அவ்வப்போது சோதித்து, அங்கே பிழை குறைவது நின்று ஏறத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, மிகக் குறைந்த பிழை வந்தபோது சேமித்த எடைகளுக்குத் திரும்ப வேண்டும். சொல்ல எளிது. ஆனால் அந்தக் கோடு நேராக இறங்கி நேராக ஏறுவதில்லை. மேலும் கீழுமாக ஆடும். முதல் ஏற்றத்திலேயே பயந்து நிறுத்தினால் பாதிப் பாடம் போய்விடும். லுட்ஸ் பிரெஷெல்ட் 1990களில் இதை அளந்து பார்த்தார். பொறுத்திருந்து நிறுத்தும் விதிகள் சராசரியாக 4 சதவீத முன்னேற்றம் தந்தன. அதற்கான பயிற்சி நேரமோ சுமார் நான்கு மடங்கு. கணினி வாடகை கட்டுபவர் யோசிக்க வேண்டிய பேரம்! இன்னொரு பொறியும் உண்டு. ஒதுக்கிய படங்களைப் பார்த்தே நிறுத்தும் இடத்தைத் தேர்ந்ததால், அவற்றில் கிடைக்கும் மதிப்பெண் சற்று மிகையாகவே இருக்கும். அசல் தரத்தை அறிய, அதுவரை யாரும் தொடாத மூன்றாவது தொகுப்பு வேண்டும்.

தரவு மலைபோல் குவிந்திருந்தால் நிலைமை மாறுகிறது. கூகுள் 2022இல் உருவாக்கிய பாம் மொழி மாதிரியில் 54,000 கோடி எடைகள். ஆனாலும் முதன்மைப் பயிற்சியில் டிராப்அவுட்டே இல்லை. தரவை ஒரே ஒரு முறைதான் காட்டினார்கள், மனப்பாடத்துக்கு வாய்ப்பு குறைவு. பிறகு குறிப்பிட்ட வேலைகளுக்காகச் சிறிய தொகுப்புகளில் மெருகேற்றியபோது, பெரும்பாலும் பத்தில் ஒன்று என்ற அளவில் டிராப்அவுட்டைத் திரும்பப் போட்டார்கள்.