ஐம்பது கொடுத்து பன்னிரண்டரை

2021-இல் வந்த கூகுள் பிக்சல் 6 போனின் முதன்மை கேமராவில் 50 மெகாபிக்சல் சென்சார். ஆனால் அதில் எடுத்த படத்தின் விவரங்களைத் திறந்தால் 4080 × 3072 என்றிருக்கும். பெருக்கினால் சுமார் 12.5 மெகாபிக்சல்தான்.

மீதி எங்கே? எதுவும் தொலையவில்லை. அந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான். அவ்வளவு சின்ன இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் விழும் ஒளி சொற்பம், படம் புள்ளிபுள்ளியாகிவிடும். அதனால் பக்கத்துப் பக்கத்து நான்கு பிக்சல்களுக்கு மேல் ஒரே நிற வடிகட்டியை வைத்து, நான்கின் அளவீட்டையும் சேர்த்து ஒரே பிக்சலாக்குகிறார்கள். நான்கு சிறு கிண்ணங்களின் மழைநீரை ஒன்றில் ஊற்றுவதுபோல. பலன், 2.4 மைக்ரான் பிக்சலுக்கு இணையான ஒளி.

சில போன்களில் முழு 50 மெகாபிக்சலையும் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் நிறங்கள் நான்கு நான்காகவே இருப்பதால், இடையிலுள்ள நிறத்தை மென்பொருள் கணித்தே நிரப்புகிறது. நல்ல வெயிலில் தூரத்துப் பெயர்ப்பலகையின் எழுத்து கொஞ்சம் தெளியும். இரவில் அதே முறையில் எடுத்துப் பெரிதாக்கினால் இரைச்சல்தான் தெரியும், கோப்பும் பெரிது. பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட பிக்சலின் அகலத்தைக் கேட்டு வாங்குவது மேல்.