வெள்ளைச் சட்டை, கறுத்த முகம்

மேடையில் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். கேமரா அந்த வெள்ளையைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. கறுத்த முகம் இருட்டில் போய்விடுகிறது. சரிசெய்ய உட்கார்ந்தால் முதலில் கை போவது Shadows பட்டைக்குத்தான். அதை முழுக்க ஏற்றினால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். கறுத்த தோலுக்கு வடிவம் தருவதே நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் மினுமினுப்பு. நிழலை மட்டும் தூக்கினால் அந்த மினுப்பு எடுபடாமல் முகம் தட்டையாகிறது.

படம் ரா கோப்பாக இருந்தால், லைட்ரூமில் முகம், கழுத்து, கைகளுக்கு மட்டும் மாஸ்க் போட்டு Exposure-ஐ 0.7 வரை ஏற்றிப் பாருங்கள். நிழல்கள் வெளுத்தால் Blacks-ஐக் கொஞ்சம் இறக்குங்கள்.

அடுத்த தொல்லை நிறம். இருட்டில் அடங்கியிருந்த ஆரஞ்சு, வெளிச்சம் ஏறியதும் துருத்திக்கொண்டு வரும். படம் முழுவதையும் நீலப் பக்கம் தள்ளினால் சட்டையும் நீலமாகும். முதலில் சட்டையை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்துவிட்டு, மாஸ்க்குக்குள் Saturation-ஐ மட்டும் பத்துப் புள்ளி குறைத்தால் பெரும்பாலும் போதும். ஆரஞ்சின் Luminance-ஐ ஏற்றுவது பலருக்குப் பழக்கம். அது திருத்தமல்ல, மாப்பிள்ளையை வெளுக்கவைக்கும் வேலை.

உதடு தனியாகத் தெரிகிறதா, காதும் கழுத்தும் முகத்தோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த அவருடைய வேறொரு படத்தைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. ஜேபெக் படமென்றால் இவ்வளவு தூரம் இழுக்க முடியாது. நிழல்களில் திட்டுத்திட்டாக நிறம் உடையும்.