கலந்த பின் ஒரு பொருளுக்கு எவ்வளவு இடம்?

20 °C வெப்பநிலையில் 50 கிராம் எத்தனாலின் கனஅளவு 63.34 மில்லிலிட்டர். அதே எடையுள்ள நீரின் கனஅளவு 50.09 மில்லிலிட்டர். இரண்டையும் கூட்டினால் 113.43 வருகிறது. ஆனால் இரண்டையும் கலந்து, சூடு தணிந்து மீண்டும் 20 °C ஆன பிறகு அளந்தால் 109.43 மில்லிலிட்டர்தான் இருக்கும். எடை அப்படியே 100 கிராம். கனஅளவில் மட்டும் 4 மில்லிலிட்டர் குறைந்துவிட்டது.

இதற்குக் காரணம் மூலக்கூறுகளின் அடுக்கில் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவே கணிசமான வெற்றிடம் விட்டு நிற்கின்றன. எத்தனால் உள்ளே வந்ததும் இந்த அமைப்பு மாறுகிறது. அதன் ஒரு முனை நீரோடு பிணைப்பு கொள்கிறது. மறுமுனை வெற்றிடத்தின் ஒரு பகுதியில் அடங்கிக்கொள்கிறது. ஆகவே ஒரு பொருள் தனியாக இருக்கும்போது எடுத்துக்கொள்ளும் இடம் வேறு, கலவைக்குள் எடுத்துக்கொள்ளும் இடம் வேறு.

குறைந்துபோன 4 மில்லிலிட்டரில் எத்தனாலின் பங்கு எவ்வளவு, நீரின் பங்கு எவ்வளவு? இதற்கு விடை சொல்லும் அளவுதான் பகுதி மோலார் கனஅளவு. ஏரி அளவுக்குக் கலவை இருப்பதாகக் கொள்ளலாம். அதில் ஒரு மோல் எத்தனாலைச் சேர்த்தாலும் கலவையின் விகிதம் மாறாது. அப்போது மொத்தக் கனஅளவு எவ்வளவு கூடுகிறதோ, அதுவே அந்த விகிதத்தில் எத்தனாலின் பகுதி மோலார் கனஅளவு. நீருக்கும் இதே வரையறை. இவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு மதிப்பையும் அந்தப் பொருளின் மோல் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் கலவையின் மொத்தக் கனஅளவு சரியாக வந்துவிடும்.

இதைக் கண்டறிய ஏரி தேவையில்லை. வெவ்வேறு விகிதங்களில் தயாரித்த சில கலவைகளின் அடர்த்தி போதும். எடை விழுக்காட்டில் 40, 50, 60 எத்தனால் கொண்ட கலவைகளின் அடர்த்தி 20 °C-இல் முறையே 0.93518, 0.91384, 0.89113 கிராம்/மி.லி. அடர்த்தியைத் தலைகீழாக்கினால் ஒரு கிராம் கலவையின் கனஅளவு கிடைக்கும்: 1.06931, 1.09428, 1.12217 மி.லி. இந்த மதிப்புகளை எத்தனாலின் எடைப் பின்னத்துக்கு எதிரே வரைபடமாக வரைந்தால் ஒரு வளைகோடு வரும். 50 விழுக்காட்டுப் புள்ளியில் அதன் சாய்வை இருபக்கப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடலாம்.

சாய்வு = (1.12217 − 1.06931) / 0.20 = 0.2643

அந்தப் புள்ளியில் இந்தச் சாய்வோடு ஒரு தொடுகோடு வரைந்து இரு ஓரங்களுக்கும் நீட்ட வேண்டும். தூய எத்தனால் இருக்கும் ஓரத்தில் கோடு தொடும் உயரம், கலவைக்குள் ஒரு கிராம் எத்தனாலின் கனஅளவு. தூய நீர் இருக்கும் ஓரத்தில் தொடும் உயரம், ஒரு கிராம் நீரின் கனஅளவு.

எத்தனால்: 1.09428 + 0.5 × 0.2643 = 1.2264 மி.லி./கிராம்
நீர்: 1.09428 − 0.5 × 0.2643 = 0.9621 மி.லி./கிராம்

மோல் நிறைகளான 46.07, 18.015 ஆகியவற்றால் பெருக்கினால், எத்தனாலுக்கு 56.50 மி.லி./மோல், நீருக்கு 17.33 மி.லி./மோல் என வருகிறது. தனித்தனியே இருந்தபோது அவை 58.36, 18.05. 100 கிராம் கலவையில் 1.085 மோல் எத்தனாலும் 2.775 மோல் நீரும் உள்ளன. ஒரு மோலுக்கான குறைவை இவற்றால் பெருக்கிப் பார்த்தால், எத்தனால் இழந்தது ஏறத்தாழ 2 மில்லிலிட்டர். நீர் இழந்ததும் ஏறத்தாழ 2 மில்லிலிட்டர். இந்த விகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதியாகச் சுருங்கியிருக்கின்றன.

விகிதம் மாறினால் பங்கீடும் மாறும். 20 விழுக்காட்டுக் கலவையில் இதே கணக்கைச் செய்தால் எத்தனாலின் மதிப்பு 53 மி.லி. அளவுக்கு இறங்குகிறது, நீரோ தன் தூய மதிப்பை ஒட்டியே நிற்கிறது. அதைவிட நீர்த்த கரைசலுக்குப் போனால் எத்தனாலின் மதிப்பு மீண்டும் ஏறி 55-ஐ நெருங்குகிறது. மறுகோடியில், எத்தனால் நிறைந்த கலவையில் சிறிதளவே நீர் இருந்தால், நீரின் மதிப்பு 14 மி.லி. அளவுக்குக் குறைந்துவிடும். இந்த அளவு சுழிக்குக் கீழேயும் போகலாம். மிக நீர்த்த கரைசலில் மெக்னீசியம் சல்பேட்டின் பகுதி மோலார் கனஅளவு −1.4 மி.லி. உப்பைப் போட்டதும் மொத்தக் கனஅளவு குறைகிறது என்பதே இதன் பொருள். அதன் அயனிகள் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக்கி இழுத்துக்கொள்வதால் இப்படி நடக்கிறது. உப்பு அயனிகளின் கனஅளவு எதிர்மறை என்று இதற்குப் பொருள் இல்லை. பகுதி மோலார் கனஅளவு ஒரு மூலக்கூறின் பருமன் அல்ல. அது வந்து சேர்வதால் முழுக் கலவையிலும் ஏற்படும் மாற்றம்.

அடர்த்தியை அளக்கப் பழைய முறை அடர்த்திக் குப்பி. அதை வெறுமையாகவும், தூய நீர் நிரப்பியும், கரைசல் நிரப்பியும் எடை போட வேண்டும். இன்றைய ஆய்வகங்களில் அதிர்வுக் குழாய் அடர்த்திமானி பயன்படுகிறது. U வடிவக் கண்ணாடிக் குழாயில் திரவத்தை நிரப்பி அதிரவைத்தால், கனமான திரவம் மெதுவாக அதிரும். காற்றையும் தூய நீரையும் கொண்டு கருவியைச் சீர்செய்துவிட்டால், அதிர்வு நேரத்திலிருந்து அடர்த்தி கிடைக்கும்.

இரண்டிலும் முதல் பகை வெப்பநிலை. எத்தனாலின் அடர்த்தி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.00086 கிராம்/மி.லி. குறைகிறது; பத்தில் ஒரு டிகிரி பிசகினால் நான்காம் தசம இடம் கெட்டுவிடும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். திறந்து வைத்த கலவையிலிருந்து எத்தனால் ஆவியாகி விகிதமே மாறிவிடும். அதனால் கலவையைக் கனஅளவால் தயாரிக்காமல் எடையால் தயாரித்து, உடனே மூடி வைக்கிறார்கள்.

கணக்கில் நேரும் பிழை இதைவிட நுட்பமானது. வேண்டியது அடர்த்தி அல்ல, அதன் சாய்வு. ஒவ்வொரு அடர்த்தியிலும் 0.0001 பிழை இருந்தால், 20 விழுக்காடு இடைவெளியுள்ள புள்ளிகளில் அது எத்தனாலின் மதிப்பை 0.03 மி.லி. அளவுக்குத்தான் பாதிக்கும். அதே புள்ளிகளை 2 விழுக்காடு இடைவெளியில் எடுத்தால் பிழை 0.3 மி.லி. வரை பெருகும். மிக விலக்கி எடுத்தால் வளைவு நேர்கோடாகத் தட்டையாகிவிடும். இடைவெளியை இந்த இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிடைத்த இரு மதிப்புகளையும் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கனஅளவு சரியாக வருகிறது என்று மாணவர்கள் நிம்மதி அடைவதுண்டு. அது போதாது. தொடுகோட்டுச் சாய்வு எவ்வளவு தவறாக இருந்தாலும் அந்தக் கூட்டுத்தொகை சரியாகவே வரும். எத்தனாலில் கூடிய பிழை நீரில் குறைந்து ஈடாகிவிடும். ஆகவே பல விகிதங்களில் மதிப்பு கண்டு வரைபடமாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளியில் எத்தனால் திடீரென மேலே துள்ளி, அதே புள்ளியில் நீர் கீழே விழுந்தால் அங்கே சாய்வு பிழை. தூய ஓரங்களில் 58.36, 18.05 என்ற மதிப்புகளில் கோடுகள் வந்து முடியாவிட்டாலும் அளவீட்டை ஐயப்பட வேண்டும்.

இதே வரையறையைக் கனஅளவுக்குப் பதில் ஆற்றலுக்குப் பொருத்தினால் வேதிநிலையாற்றல் பிறக்கிறது. வெப்பநிலையும் அழுத்தமும் மாறாமல் ஒரு மோல் பொருளைப் பெரிய கலவையில் சேர்க்கும்போது கலவையின் கிப்ஸ் ஆற்றல் எவ்வளவு கூடுகிறதோ, அதுவே அந்தப் பொருளின் வேதிநிலையாற்றல். 1875 முதல் 1878 வரை வெளியான நீண்ட ஆய்வுரையில் அமெரிக்க அறிவியலாளர் வில்லார்ட் கிப்ஸ் இதை வகுத்தார். ஒரு பொருள் எப்போதும் தன் வேதிநிலையாற்றல் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கே தானாகப் போகும். இரு பக்கமும் சமமானால் நின்றுவிடும். ஆவியாதல், கரைதல், சவ்வு வழியே பரவுதல் அனைத்துக்கும் இது ஒன்றே விதி.

இந்த ஆற்றலை அடர்த்திமானியால் அளக்க முடியாது. ஆனால் அழுத்தத்தைக் கூட்டினால் அது எவ்வளவு ஏறும் என்பதை அடர்த்தி சொல்லிவிடும். ஒரு பொருளின் வேதிநிலையாற்றல் அழுத்தத்தோடு ஏறும் வீதம், அதன் பகுதி மோலார் கனஅளவுக்குச் சமம்.

∂μ/∂P = V̄

சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இந்தச் சமன்பாட்டின் மேல்தான் இயங்குகின்றன. உப்பு கலந்திருப்பதால் கடல்நீரிலுள்ள நீரின் ஆவியழுத்தம் தூய நீரைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவு. 25 °C-இல் கணக்கிட்டால், அந்த நீரின் வேதிநிலையாற்றல் தூய நீரைவிட மோலுக்கு ஏறத்தாழ 48 ஜூல் தாழ்ந்திருக்கிறது. ஆகவே சவ்வின் இருபுறமும் அழுத்தம் சமமாக இருந்தால் நன்னீர்தான் கடல்நீருக்குள் போகும். கடல்நீரில் நீரின் பகுதி மோலார் கனஅளவு 18 மி.லி.க்கு அருகில் இருக்கிறது; எனவே ஒவ்வொரு பார் அழுத்தமும் அதன் வேதிநிலையாற்றலை மோலுக்கு 1.8 ஜூல் உயர்த்தும். 48-ஐ 1.8-ஆல் வகுத்தால் 26 முதல் 27 பார். அந்த அழுத்தத்தில் இரு பக்கமும் சமமாகும்; அதற்கு மேல் போனால்தான் நன்னீர் வெளியே வரும். நீர் பிரியப் பிரிய எஞ்சிய கடல்நீரில் உப்பு செறிந்து இந்த எல்லை மேலும் உயர்வதால், இத்தகைய ஆலைகள் வழக்கமாக 55 முதல் 70 பார் அழுத்தத்தில் இயக்கப்படுகின்றன.