பணவீக்கத்தை ஒரே வரியில் எழுதுவது எப்படி?

போன எபிசோட்ல பணவீக்கம் பற்றி இருபது நிமிஷம் பேசினோம். இப்போ அதை நம்ம சொற்பட்டியல்ல ஒரே வரியா எழுதணும். எதை வெட்டுறது, எதை வெட்டவே கூடாது?

முதல்ல ‘விலைவாசி உயர்வு’ன்னு எழுதினோம். சுருக்கமாத்தான் இருக்கு. ஆனா ‘பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது’ன்னு செய்தி வந்தா? விலை இறங்கிடுச்சுன்னு நினைச்சுடுவோம். ஒரு வீட்டுச் செலவு மொத்தமா 100 ரூபாய்னு வச்சுக்கங்க. 6 சதவீதத்தில் அடுத்த வருஷம் அது 106. அதுக்கு அடுத்த வருஷம் 4 சதவீதம்னா 110 ரூபாய் 24 காசு. விலை ஏறிக்கிட்டேதான் இருக்கு, ஏறுற வேகம்தான் குறைஞ்சிருக்கு. அதனால ‘வேகம்’ங்கிற சொல் கட்டாயம் வேணும்.

அடுத்து, தக்காளி விலை மட்டும் ஏறினா அது பணவீக்கம் இல்லை. அதனால ‘பொதுவான’ங்கிற சொல்லையும் வெட்ட முடியாது.

பெட்ரோல், வட்டி விகிதம், பற்றாக்குறை எல்லாத்தையும் வெட்டிட்டோம். அவை காரணங்கள். காரணம் ஒவ்வொரு தடவையும் மாறும், சொல்லோட பொருள் மாறாது.

கடைசியில் நின்ற வரி:

பணவீக்கம்: பொருள்கள், சேவைகளின் பொதுவான விலைமட்டம் ஒரு காலகட்டத்தில் உயரும் வேகம்.

சரியான்னு பார்க்க, அதே செய்தியில் ‘பணவீக்கம்’ இருந்த இடத்தில் இந்த வரியைப் போட்டுப் படிங்க. ‘உயரும் வேகம் குறைந்தது’ன்னு வருது. இனி யாரும் விலை இறங்கிடுச்சுன்னு ஏமாற மாட்டாங்க.